அம்மா தனியாக ரயிலேற ஒரு வழிகாட்டித் தாள்

தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பெற்றோர் வேற்றுமொழிச் செயலி ஒன்றைத் தாமே பயன்படுத்த வேண்டிய நிலை இன்று பல குடும்பங்களில் இருக்கிறது. மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை சொல்லிக் கொடுத்தாலும், தனியாக இருக்கும்போது எது முதலில், எது அடுத்தது என்பது குழம்பிவிடுகிறது. செயலியின் முக்கியமான திரைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவற்றின் மேல் எண்களிட்டு, பக்கத்தில் தமிழில் விளக்கம் எழுதி அச்சிட்டுத் தரும் தாள் இதற்கு நல்ல தீர்வு. அது பயன்படுமா இல்லையா என்பதைத் தயாரிக்கும் முறைதான் தீர்மானிக்கிறது.

ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான ஒரு பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். டோர்ட்மண்ட் நகரில் மகளோடு இருக்கும் தாய், பக்கத்து நகரமான ஹம்முக்குத் தனியாகப் போக வேண்டும். அங்கே மகன் குடும்பம் இருக்கிறது. ஹம் நகரின் ஊன்ட்ரோப் பகுதியில் 2002இல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலும் அங்கேதான் இருக்கிறது. வட்டார ரயிலில் சுமார் 20 நிமிடப் பயணம். ரயில் எப்போது, எந்த நடைமேடையில், தாமதமா என்பதையெல்லாம் காட்டுவது ஜெர்மன் ரயில் நிறுவனத்தின் `DB Navigator` செயலி. அதில் தமிழ் இல்லை.

திரை எந்த மொழியில் இருக்க வேண்டும்

தாள் தயாரிக்கும் முன் போனின் மொழி அமைப்பைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் பல செயலிகளுக்குத் தனித்தனியாக மொழி தேர்ந்தெடுக்கலாம். ஐபோனிலும் அந்த வசதி உண்டு. செயலியில் தமிழ் இருந்தால் அதைப் போட்டுவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். தமிழ் இல்லையென்றால் போன் தமிழில் இருந்தாலும் செயலி தனக்குத் தெரிந்த வேறொரு மொழியில்தான் திறக்கும். அது எந்த மொழி என்பதைத் தற்செயலுக்கு விடாமல், வேண்டிய மொழியை வீட்டாரே தேர்ந்து நிலையாக வைத்துவிட வேண்டும்.

பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத தாய்க்கு அதனால் பயன் எதுவும் இல்லை. இந்தப் பயணத்துக்கு ஜெர்மனே நல்லது. நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் இருப்பது ஜெர்மன்; ஒலிபெருக்கியில் கேட்பதும் உதவி கேட்டால் அருகில் நிற்பவர் போனைப் பார்த்துப் படிக்கப்போவதும் ஜெர்மன்தான். தாளில் பார்த்த `Gleis` என்ற சொல்லின் வடிவத்தை நிலையத்திலும் அப்படியே பார்க்க முடிந்தால், அதற்குப் பக்கத்திலுள்ள எண்தான் நடைமேடை எண் என்பது உடனே விளங்கும். செயலி ஒரு மொழியிலும் பலகை இன்னொரு மொழியிலும் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

எந்தெந்தத் திரைகள்

ரயில் செயலியில் ஹோட்டல், வாடகைக் கார், சலுகைகள், புள்ளிகள் என்று எத்தனையோ இருக்கும். தாளில் அவை எதுவும் வேண்டியதில்லை. இந்தத் தாய் செயலியைத் திறப்பது மூன்று காரியங்களுக்குத்தான்: அடுத்த ரயில் எப்போது என்று பார்க்க, அது எந்த நடைமேடையில் வரும், நேரத்துக்கு வருமா என்று பார்க்க, பரிசோதகர் கேட்டால் டிக்கெட்டைக் காட்ட. இந்த மூன்றுக்கும் சேர்த்து நான்கு திரைகள் போதும். தேடும் திரை, ரயில்களின் பட்டியல், ஒரு ரயிலின் விவரம், டிக்கெட். இவற்றோடு, தாமதமோ ரத்தோ ஏற்பட்டால் திரை எப்படி மாறும் என்பதைக் காட்டும் ஒரு பக்கம். ஆக ஐந்து பக்கங்கள்.

டிக்கெட் வாங்கும் திரை இதில் இல்லாததற்குக் காரணம் உண்டு. 2023 மே மாதம் மாதம் 49 யூரோ விலையில் அறிமுகமான ஜெர்மனி டிக்கெட் மாதச் சந்தா முறையில் வருவது. விலை பிறகு உயர்ந்தது. அதை மகள் ஒருமுறை எடுத்துத் தந்துவிட்டால், நாடு முழுவதும் நகரப் பேருந்துகளிலும் வட்டார ரயில்களிலும் போகலாம். பணம் செலுத்தும் திரைகள் தாளில் இல்லாததால் தவறுதலாக எதையாவது வாங்கிவிடும் ஆபத்தும் குறைகிறது.

படம் எடுப்பது

ஸ்கிரீன்ஷாட்டைத் தாயின் போனிலேயே எடுக்க வேண்டும். மகளின் போனில் எடுத்த படம் தாயின் போனில் தெரிவதோடு ஒத்துப்போகாது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் வரிகள் உடைந்து, கீழே இருக்க வேண்டிய பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் அமைப்பிலேயே வித்தியாசம் இருக்கும். ஆகவே முதலில் தாய்க்கு வசதியான எழுத்தளவை வைத்துவிட வேண்டும். பல போன்கள் மாலையானதும் தாமாகவே கறுப்புப் பின்னணிக்கு மாறும். அதை நிறுத்தி எப்போதும் வெள்ளைப் பின்னணியே இருக்கும்படி வைக்க வேண்டும். பகலில் எடுத்த வெள்ளைப் படத்தையும் இரவில் தெரியும் கறுப்புத் திரையையும் ஒரே திரை என்று எல்லோராலும் உணர முடியாது.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் திரை படமாகிவிடும். முகத்தைக் கண்டு திறக்கும் ஐபோன்களில் பக்கப் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் அழுத்த வேண்டும். எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அச்சில் சிறிய எழுத்துகள் கலங்கித் தெரியும். ஆவணமாக அனுப்பினால் படம் அப்படியே வந்து சேரும்.

ஒரே நாளில் எல்லாப் படங்களையும் எடுத்துவிட முடியாது. எல்லா ரயிலும் சரியாக ஓடும் நாளில் தாமதத் திரை கிடைக்காது. பயண நாளுக்கு முந்தைய வாரத்தில் மகள் அவ்வப்போது அதே தேடலைச் செய்து பார்த்தால், தாமதமான ரயிலும் நடைமேடை மாறிய ரயிலும் விரைவிலேயே கண்ணில் படும். அப்போது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இடம் அறிய அனுமதி கேட்கும் பெட்டி, மீண்டும் உள்நுழையச் சொல்லும் பெட்டி போன்று திடீரென்று வரும் குறுக்கீடுகளையும் படமெடுத்து வைப்பது நல்லது. தனியாக இருக்கும்போது தாயைத் தடுத்து நிறுத்துபவை பெரும்பாலும் இவைதான்.

பக்க அமைப்பு

ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து நடுவில் மடித்தால் இரண்டு சம பக்கங்கள் கிடைக்கும். இடப்பக்கம் படம், வலப்பக்கம் விளக்கம். ஒவ்வொரு பாதியும் 21 சென்டிமீட்டர் உயரம். போன் திரை நீளமானது; அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட உயரம் கொண்டது. 18 சென்டிமீட்டர் உயரத்துக்குப் படத்தை வைத்தால் அகலம் சுமார் 8 சென்டிமீட்டர் வரும். போனைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதால் கண்ணாடி இல்லாமலும் ஓரளவு படிக்கலாம். மடித்த தாள் கைப்பையிலும் அடங்கும்.

படத்தை முழுத்திரையாகவே போட வேண்டும். பொத்தானை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டால், அது திரையில் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது தெரியாமல் போகும். எழுத்தைப் படிக்க முடியாதவர் இடத்தை வைத்தே பொத்தானைக் கண்டுபிடிக்கிறார். குறிப்பிட்ட ஒரு பகுதி மிகச் சிறியதாக இருந்தால், முழுத்திரைக்குக் கீழே அதை மட்டும் பெரிதாக்கி இன்னொரு முறை காட்டலாம்.

ஒரு படத்தில் மூன்று, அதிகம் போனால் நான்கு எண்களுக்கு மேல் வேண்டாம். எண்ணுள்ள வட்டத்தைப் படத்துக்கு வெளியே ஓரத்தில் வைத்து, அங்கிருந்து பொத்தானுக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். வட்டத்தைப் பொத்தானின் மேலேயே வைத்தால் அடையாளம் காண வேண்டிய எழுத்து மறைந்துவிடும். எண்களின் வரிசை விரல் போகும் வரிசையாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழ் என்பதற்காக எண்ணிடக் கூடாது. குறியிடும் நிறத்திலும் கவனம் வேண்டும். இந்தச் செயலியில் சிவப்பு ஏற்கெனவே பயன்படுகிறது. தாமதமும் சிவப்பில்தான் வரும். வட்டமும் கோடும் சிவப்பில் இருந்தால் அவையும் திரையின் பகுதி என்று தோன்றும். நீலம் பொருத்தமானது.

வலப்பக்கத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: திரையில் உள்ள சொல் அதே எழுத்தில், அதன் உச்சரிப்பு தமிழில், பொருள், செய்ய வேண்டியது. 16 புள்ளி அளவுக்குக் குறையாத எழுத்து வேண்டும். அதைவிடச் சிறிதானால் முதிய கண்களுக்குப் புள்ளியும் கொம்பும் ஒன்றோடொன்று கலந்துவிடும். செய்ய வேண்டியதைச் சொல்ல மூன்று வினைச்சொற்கள் போதும்: பாருங்கள், தொடுங்கள், காத்திருங்கள். ஒரு பக்கத்தில் “தொடுங்கள்” என்றும் இன்னொரு பக்கத்தில் “அழுத்துங்கள்”, வேறொன்றில் “தேர்ந்தெடுங்கள்” என்றும் எழுதினால், படிப்பவர் அவற்றை வெவ்வேறு செயல்கள் என்றே எடுத்துக்கொள்வார். அழுத்தச் சொன்னால் விரலை அப்படியே வைத்திருப்பவர்களும் உண்டு. அப்போது வேறொரு பட்டி திறந்துகொள்ளும்.

பக்கத்தின் கடைசி வரி, சரியாகச் செய்திருந்தால் அடுத்து என்ன தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும்: “இப்போது அடுத்த பக்கத்தில் உள்ள படம் வரும். வராவிட்டால் செயலியை மூடிவிட்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.” வழி தவறினால் திரும்பிவர எல்லாப் பக்கத்திலும் ஒரே வழியைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் பக்கம்: தேடும் திரை

இந்தத் திரையில் கவனிக்க வேண்டியவை மூன்று. `Von` (ஃபொன்) என்பது புறப்படும் இடம். `Nach` (நாஹ்) என்பது போய்ச் சேரும் இடம். மூன்றாவது, தேடச் சொல்லும் பொத்தான். முதல் இரண்டிலும் ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்வதுதான் முதியவர்களுக்குக் கடினமான வேலை. அதைத் தாளில் விளக்குவதைவிட, தேவையே இல்லாமல் செய்துவிடுவது மேல். மகள் முன்கூட்டியே இரு திசையிலும் தேடி வைத்துவிட்டால், முன்பு பயன்படுத்திய நிலையங்களைச் செயலி நினைவில் வைத்துக் காட்டும். தாய் அதைத் தொட்டால் போதும்.

எந்தப் பெயரைத் தொட வேண்டும் என்பது தாளில் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். புறப்படும் இடம் `Dortmund Hbf`, சேரும் இடம் `Hamm(Westf)Hbf`. `Hbf` என்ற மூன்று எழுத்துகள் நகரின் தலைமை ரயில் நிலையத்தைக் குறிக்கும். அடைப்புக்குள் இருப்பது எந்த வட்டாரத்து ஹம் என்பதைச் சொல்கிறது. ஜெர்மனியில் ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. மைன் ஆற்றங்கரையிலுள்ள பெரிய ஃபிராங்க்ஃபர்ட்டும் போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையிலுள்ள ஃபிராங்க்ஃபர்ட்டும் பட்டியலில் அடுத்தடுத்து வரக்கூடும். இரண்டுக்கும் இடையே நாட்டின் அகலத்தில் பெரும்பகுதி கிடக்கிறது. ஆகவே அடைப்புக்குள் உள்ள எழுத்துகளைத் தாளில் நீலக் கட்டம் கட்டிக் காட்ட வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இங்கே வரும். போன் தன் இடத்தை அறிந்து, புறப்படும் இடமாக அதையே எடுத்துக்கொண்டால், பயணம் வீட்டுத் தெருவிலிருந்து தொடங்கும். நடை, பேருந்து, மாற்றம் எல்லாம் சேர்ந்து பட்டியல் நீண்டுவிடும். `Von` என்பதற்குப் பக்கத்தில் `Dortmund Hbf` இருக்கிறதா என்று பார்ப்பதை முதல் வேலையாக எழுதி வைத்தால் இது தவிரும்.

இரண்டாம் பக்கம்: ரயில்களின் பட்டியல்

தேடியதும் அடுத்தடுத்துப் பல கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டமும் ஒரு பயணம். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் 24 மணிக் கணக்கில் இருக்கும். பிற்பகல் 3 மணி 15:00 என்று தெரியும். பகல் 12 முதல் இரவு 10 வரைக்கான சிறு அட்டவணை ஒன்றைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்துவிட்டால் கணக்குப் போட வேண்டியிருக்காது.

இந்தப் பக்கத்தின் முக்கியமான பாடம் ரயிலின் வகை. டோர்ட்மண்டுக்கும் ஹம்முக்கும் இடையே விரைவு ரயில்களும் வட்டார ரயில்களும் ஓடுகின்றன. பட்டியலின் முதல் கட்டத்தில் இருப்பது விரைவு ரயிலாகவே இருக்கலாம். ஆனால் ஜெர்மனி டிக்கெட் `ICE`, `IC`, `EC` என்று தொடங்கும் ரயில்களில் செல்லாது. செல்லாத டிக்கெட்டோடு பிடிபட்டால் குறைந்தது 60 யூரோ கட்ட நேரிடும். தாளில் எழுத வேண்டிய விதி எளிமையானது: “`RE` என்று தொடங்கினால் ஏறலாம். `I` என்றோ `E` என்றோ தொடங்கி `C` வந்தால் ஏறக் கூடாது.” `RE` என்பதில் முதல் எழுத்து `R` என்பதைப் பெரிதாக்கிய படத்தில் காட்டிவிட வேண்டும். வட்டாரப் போக்குவரத்தை மட்டும் காட்டும்படி செயலியின் தேடலை மகள் முன்பே அமைத்து வைக்கலாம். எனினும் அந்த அமைப்பு எப்போதாவது கலைந்துபோகலாம் என்பதால் விதி தாளில் இருக்கத்தான் வேண்டும்.

`Umstieg` (உம்ஷ்டீக்) என்பது ரயில் மாறுவதைக் குறிக்கும். இந்தப் பாதையில் நேரடி ரயில்கள் நிறைய இருப்பதால், மாற வேண்டிய பயணத்தைத் தொட வேண்டாம் என்று எழுதிவிடலாம். எந்தச் சூழலில் மாறலாம் என்ற விளக்கம் தாளைச் சுமையாக்கும்.

மூன்றாம் பக்கம்: ரயிலின் விவரம்

கட்டத்தைத் தொட்டதும் வரும் திரை இது. நிலையத்தில் நிற்கும்போது கையில் இருக்க வேண்டியதும் இதுதான். நடைமேடை எண் `Gleis` (கிளைஸ்) என்ற சொல்லோடு, சில இடங்களில் சுருக்கமாக `Gl.` என்று வரும். ரயிலின் பெயர் எழுத்தும் எண்ணுமாக இருக்கும், உதாரணமாக `RE 6`. மூன்றாவது, ரயில் கடைசியாகப் போய் நிற்கும் ஊர்.

இந்த மூன்றாவதுதான் பலரைத் தடுமாற வைக்கிறது. ஹம்முக்குப் போகும் எல்லா ரயிலின் நெற்றியிலும் ஹம் என்று எழுதியிருக்காது. `RE 6` ரயில் ஹம்மைத் தாண்டி மிண்டன் வரை போகிறது. `RE 11` காசல் நகரின் வில்ஹெல்ம்ஸ்ஹோஹ நிலையம் வரை போகிறது. நடைமேடைப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது இந்தக் கடைசி ஊர்தான். சரியான ரயில் கண் முன்னே நிற்க, பெயர் வேறு என்று அதை விட்டுவிடும் அபாயம் இதனால் வருகிறது. எதிர்த்திசையில் போகும் அதே எண் ரயிலில் ஏறிவிடவும் கூடும். ஆகவே தாளில் எழுத வேண்டியது: “பலகையில் `Hamm`, `Minden`, `Kassel` ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் ரயில் சரி. `Düsseldorf`, `Köln`, `Aachen` இருந்தால் ஏற வேண்டாம்.” இந்த ஆறு பெயர்களையும் பலகையில் தெரிவதுபோலவே பெரிதாக அச்சிட வேண்டும். தாய் அவற்றை வாசிக்க வேண்டியதில்லை. தாளிலுள்ள வடிவத்தைப் பலகையோடு ஒப்பிட்டால் போதும். வீடு திரும்பும் பயணத்துக்கு இந்தப் பட்டியல் தலைகீழாகும் என்பதால் அதைத் தனித் தாளாகவே தயாரிக்க வேண்டும். ஒரே தாளில் இரு திசையையும் எழுதினால் அவசரத்தில் எது எதற்கு என்பது குழம்பும்.

இறங்குவதற்கும் உதவி வேண்டும். விவரத் திரையில் இடையில் நிற்கும் நிலையங்களின் பட்டியலையும் விரித்துப் பார்க்கலாம். ஹம்முக்கு முந்தைய நிறுத்தம் ரயிலுக்கு ரயில் மாறும் என்பதால், நிறுத்தத்தை எண்ணச் சொல்வதைவிடச் சேரும் நேரத்தைப் பார்க்கச் சொல்வதே பாதுகாப்பானது: “சேரும் நேரத்துக்கு 5 நிமிடம் இருக்கும்போது எழுந்து கதவருகே போங்கள். நிலையப் பலகையில் `Hamm` பார்த்ததும் இறங்குங்கள்.”

நான்காம் பக்கம்: வழக்கம் மாறினால்

ஜெர்மன் ரயில்களில் தாமதம் அன்றாட விஷயம். ஜெர்மன் ரயில் நிறுவனத்தின் கணக்கில் 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதம் தாமதமாகவே சேராது. எனவே இந்தப் பக்கம் மற்ற நான்கு பக்கங்களுக்குச் சமமான கவனத்தோடு தயாராக வேண்டும். இதில் சிறு படங்கள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு செயல்.

முதல் படம் தாமதம். அட்டவணை நேரத்தோடு இன்னொரு நேரமும் தெரியும். சரியாக ஓடினால் பச்சை, தாமதமானால் சிவப்பு. 10:12 என்பதோடு சிவப்பில் 10:31 என்று இருந்தால், ரயில் 10:31க்கு வரும். செயல்: அதே நடைமேடையில் காத்திருங்கள். தாளைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் இந்த நிற வேறுபாடு காணாமல் போகும். “இரண்டு நேரங்கள் இருந்தால் அட்டவணை நேரத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லாலும் எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது படம் நடைமேடை மாற்றம். பழைய எண் அடிக்கப்பட்டு அல்லது மாற்றியதற்கான குறிப்போடு புதிய எண் வரும். செயல்: புதிய எண்ணுள்ள நடைமேடைக்குப் போங்கள். இந்த மாற்றம் கடைசி நிமிடங்களில்கூட வரும் என்பதால், ரயில் வருவதற்கு 10 நிமிடம் முன்பு ஒருமுறையும் 3 நிமிடம் முன்பு ஒருமுறையும் திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது படம் ரத்து. `fällt aus` (ஃபெல்ட் அவுஸ்) என்ற இரு சொற்கள் தெரிந்தால் அந்த ரயில் வராது. செயல்: முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி தேடுங்கள். நிலையப் பலகையிலும் இதே சொற்கள் ஓடும்.

இந்த மூன்றிலும் சேராத எது வந்தாலும் செய்ய வேண்டியதைப் பக்கத்தின் அடியில் எழுதிவிட வேண்டும். முதலில் மகளின் தொலைபேசி எண். அழைப்பு கிடைக்காவிட்டால் நிலைய ஊழியரிடம் காட்ட ஜெர்மனில் அச்சிட்ட சில வரிகள்: ஹம்முக்குப் போக வேண்டும், ஜெர்மனி டிக்கெட் இருக்கிறது, அடுத்த வட்டார ரயிலின் நடைமேடை எண்ணை எழுதிக் காட்டுங்கள். எண்ணை வாயால் சொல்லாமல் எழுதிக் காட்டச் சொல்வது முக்கியம். அப்போது ஜெர்மன் எண்களைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் தேவை இருக்காது.

ஐந்தாம் பக்கம்: டிக்கெட்

பரிசோதகர் வரும்போது திறக்க வேண்டிய திரை இது. படத்தில் டிக்கெட் இருக்கும் சின்னத்துக்கு ஓர் எண், குறியீட்டுக் கட்டம் முழுதாகத் தெரியும் நிலைக்கு ஓர் எண். டிக்கெட் ஒருவர் பெயருக்கு மட்டுமே உரியது. அடையாள அட்டையைக் கேட்கும் உரிமை பரிசோதகருக்கு உண்டு. பாஸ்போர்ட்டோ வதிவிட அட்டையோ கையில் இருக்க வேண்டும் என்பதை இங்கே எழுத வேண்டும். தாளில் அச்சான படம் டிக்கெட் ஆகாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிலர் போனுக்குப் பதிலாகத் தாளையே நீட்டிவிடுவார்கள்.

இந்த ஒரு படத்தை மட்டும் அப்படியே அச்சிடக் கூடாது. பெயர், பிறந்த தேதி, குறியீட்டுக் கட்டம் மூன்றும் அதில் இருக்கும். தாள் ரயிலில் தவறிப்போனால் யார் கைக்கும் கிடைக்கலாம். அவற்றைக் கறுப்புக் கட்டத்தால் முழுமையாக மறைக்க வேண்டும். போனில் உள்ள மார்க்கர் பேனாவால் தீட்டினால் போதாது. அந்த மை ஒளி ஊடுருவுவது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து தெரிந்துவிடும். மங்கலாக்குவதையும் நம்ப முடியாது. வங்கிச் செயலிகள் போன்ற சிலவற்றில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே விடமாட்டார்கள், அல்லது கறுப்புத் திரைதான் படமாகும். அவற்றுக்குத் தாள் வேண்டுமானால் இன்னொரு போனால் திரையைப் புகைப்படம் எடுக்கலாம். அப்போதும் மறைக்க வேண்டியதை மறைத்துவிட வேண்டும்.

சந்தா காலண்டர் மாதக் கணக்கில் ஓடுவதால், மாதம் பிறந்ததும் புதிய மாதத்துக்குரிய டிக்கெட் வந்திருக்கிறதா என்று வீட்டில் இணைய இணைப்பு இருக்கும்போதே திறந்து பார்ப்பது பாதுகாப்பு.

தாளைச் சோதிப்பது

தாள் தயாரானதும் அதைத் தாயின் கையில் கொடுத்து, மகள் எதுவும் பேசாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். விரல் எங்கே தயங்குகிறது, கண் எந்த வரிக்கு இரண்டாம் முறை போகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். தயங்கும்போது வாயால் சொல்லிவிட்டால் அந்தப் பயணம் நடந்துவிடும். தாளில் உள்ள குறை அப்படியே இருக்கும். திரைக்கும் தாளுக்கும் இடையே கண் பலமுறை போய்வந்தால் ஒரு பக்கத்தில் எண்கள் அதிகம் என்று பொருள். பொத்தானைக் கண்டும் தொடாமல் நின்றால், தொட்டபின் என்ன நடக்கும் என்பது எழுதப்படவில்லை. தாளில் இல்லாத விளம்பரத்தையோ பெட்டியையோ தொட்டால், அந்தக் குறுக்கீட்டின் படம் விடுபட்டிருக்கிறது. ஒவ்வொரு தயக்கத்துக்கும் தாளில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும்.

வீட்டு மேசையில் சரியாக வந்த தாள் நிலையத்தில் தடுமாற வைக்கலாம். அங்கே வெளிச்சம் திரையில் அடிக்கும், கூட்டம் நெருக்கும், ஒரு கையில் பை இருக்கும். அதனால் இரண்டாவது சோதனை டோர்ட்மண்ட் நிலையத்தில், மகள் சற்றுத் தள்ளி நின்று நடக்க வேண்டும். தாய் முன்னே நடந்து, நடைமேடையைக் கண்டுபிடித்து, சரியான ரயிலைக் காட்டிவிட்டால் தாள் முடிந்தது.

செயலி மாறும்போது

செயலிகள் புதுப்பிக்கப்படும்போது பொத்தான்கள் இடம் மாறும், நிறமும் சின்னமும் மாறும். அதனால் தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் தயாரித்த தேதியை எழுத வேண்டும். ஐந்து பக்கங்களையும் ஒட்டித் தைக்காமல், தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வளையத்தில் கோத்தால், மாறிய பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். மழையில் மை கரையாமலும் உறை காக்கும்.

ப்ளே ஸ்டோரில் ஒரு செயலிக்கு மட்டும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைக்கலாம். அப்படிச் செய்தால் தாயின் போனில் திரை எப்போது மாறுகிறது என்பது மகளின் கையில் இருக்கும். ஆனால் பழைய பதிப்பை நெடுநாள் வைத்திருக்க முடியாது. பாதுகாப்புக் குறைகள் சரிசெய்யப்படாமல் போகும், ஒரு கட்டத்தில் செயலியே வேலை செய்ய மறுக்கும். தாய்க்கு அடுத்த சில நாட்களில் பயணம் இல்லாதபோது புதுப்பித்து, தாளோடு ஒப்பிட்டு, மாறிய திரையை மீண்டும் எடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

இதற்கெல்லாம் முன்பே எப்போதாவது திரையும் தாளும் ஒத்துவராமல் போகலாம். அதற்காக, ஸ்கிரீன்ஷாட் எடுத்து மகளுக்கு அனுப்பும் முறையைத் தாளின் கடைசிப் பக்கத்தில், எந்த இரண்டு பொத்தான்களை அழுத்துவது என்ற படத்தோடு சேர்த்துவிட வேண்டும். தாய் தன் முன்னால் இருக்கும் திரையை வாயால் விவரிப்பது கடினம். படமாக அனுப்பினால் மகள் எங்கிருந்தாலும் அதைப் பார்த்து அடுத்துத் தொட வேண்டிய இடத்தைச் சொல்லலாம். அன்று மாலையே அந்தப் படத்தை வைத்துத் தாளின் அந்தப் பக்கத்தைப் புதிதாக அச்சிட்டும் விடலாம்.